ஒரே பட்டதாரி, மூன்று அறிமுகங்கள்: லிங்க்ட்இன் About-ல் எது எடுபடும்?

வேலை அனுபவமே இல்லாத ஒருவரின் லிங்க்ட்இன் பக்கத்தை யார், எப்போது திறந்து பார்க்கிறார்கள்? ஆள் தேடும் எச்.ஆர். தற்செயலாகக் கண்டுபிடித்து வருவார் என்று பலர் நம்புகிறார்கள். புதியவர்கள் விஷயத்தில் அது அபூர்வம். பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்திருப்பீர்கள், அல்லது ஒருவருக்கு மெசேஜ் அனுப்பியிருப்பீர்கள். 'யார் இது?' என்று அவர் உங்கள் பெயரை அழுத்துகிறார். About பகுதி அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயன்படுகிறது.

அந்த ஒரு நிமிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று பாணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆள் ஒருவரே: திருப்பூரில் பி.காம். முடித்த ஒரு பெண். அக்கவுண்ட்ஸ் வேலை தேடுகிறார். டாலி பிரைம், எக்செல் தெரியும். இறுதியாண்டு பிராஜெக்டாக ஒரு சிறு பின்னலாடை யூனிட்டின் கொள்முதல் கணக்கை ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் GSTR-2B என்ற விவரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். கையில் இருப்பது இவ்வளவுதான். நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். இங்கே அதன் பொருளைத் தமிழில் தருகிறேன்.

முதலாவது, பயோடேட்டா பாணி:

> ஆர்வமும் ஊக்கமும் நிறைந்த பி.காம். பட்டதாரி. என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்கும் சவாலான பணியைத் தேடுகிறேன். கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். குழுவாக வேலை செய்யப் பிடிக்கும்.

இதில் பி.காம். என்பதை எடுத்துவிட்டு பி.இ. சிவில் என்று போட்டுப் பாருங்கள். மற்ற எதையும் தொட வேண்டியதில்லை, அப்படியே பொருந்தும். இந்த மாற்றிப்போடும் சோதனையில் தோற்கிற எந்தப் பத்தியும் வாசிப்பவருக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். இதைவிட About-ஐ காலியாகவே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காலியாக இருந்தால் கண் நேராகப் படிப்புக்கும் பிராஜெக்டுக்கும் போகும். இது இருந்தால் இதைத் தாண்டிப் போக வேண்டும்.

இரண்டாவது, கதைப் பாணி:

> எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் அப்பா கூலிக் கணக்கைத் தாளில் எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பது என் வேலை. ஒரு முறை நான் சொன்ன தொகைதான் சரியென்று தெரிந்தபோது அவர் சிரித்தார். அன்று தொடங்கிய ஆர்வம் என்னை பி.காம். வரை கொண்டுவந்தது.

படிக்க நன்றாக இருக்கிறது. மாற்றிப்போடும் சோதனையிலும் தேறிவிடும், ஏனென்றால் இது ஒருவருடைய வாழ்க்கை. சிக்கல் வேறு இடத்தில். லிங்க்ட்இன் About பகுதி முழுதாகத் திறந்து நிற்பதில்லை. கணினியில் முதல் சில வரிகள், போனில் அதைவிடக் குறைவு. மீதி 'see more' என்பதற்குள் மடங்கிவிடும். இந்தப் பெண் கண்ணில் படும் இடம் முழுவதையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். டாலி தெரியுமா, ஜி.எஸ்.டி. தெரியுமா என்பது மடிப்புக்குள்ளே கிடக்கிறது. ஆள் எடுக்கப்போகும் தலைமை அக்கவுண்டன்ட் அங்கே வரை வருவாரா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்று, கதை சொல்ல ஆங்கிலத்தில் ஓரளவு லாவகம் வேண்டும். அது இல்லாதபோது பலர் வேறு யாருடைய கதையின் அச்சையோ எடுத்துக்கொள்கிறார்கள். 'சின்ன வயதில் பொம்மையைப் பிரித்துப் பார்த்தேன்' என்று தொடங்கும் இன்ஜினியர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, செய்த வேலையைச் சொல்லும் பாணி:

> ஒரு சிறு பின்னலாடை யூனிட்டின் மூன்று மாதக் கொள்முதல் பில்கள் 214-ஐ GSTR-2B உடன் ஒப்பிட்டேன். 19 பில்கள் ஒத்துப்போகவில்லை. 11-ல் பில் எண்ணை எழுதிய விதம் வேறு. 5-ல் சப்ளையர் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தார். 3-ல் தொகையே தவறு. இது என் பி.காம். இறுதியாண்டு பிராஜெக்ட்.
>
> எக்செல்லில் XLOOKUP, பிவட் டேபிள் பயன்படுத்துவேன். டாலி பிரைமில் பர்ச்சேஸ், சேல்ஸ் என்ட்ரியும் பேங்க் ரிகன்சிலியேஷனும் செய்வேன். ரிட்டர்ன் தாக்கலை நேரடியாகச் செய்ததில்லை. அதற்கு முந்தைய வேலைகளைச் செய்திருக்கிறேன்.
>
> திருப்பூர் அல்லது கோவையில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலை தேடுகிறேன். உடனே சேரலாம்.

இதன் பலம் எங்கே என்று தெரிய, படிப்பவரின் மாதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாங்கிய சரக்குக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை ஒரு கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த பில் GSTR-2B-யில் வந்திருக்க வேண்டும். அந்த விவரம் பொதுவாக மாதம் 14-ம் தேதி வருகிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 20-ம் தேதிக்குள் GSTR-3B என்ற ரிட்டர்னை முடிக்க வேண்டும். இடையில் இருக்கிற சில நாட்களில் எந்த பில் வந்தது, எது வரவில்லை என்று தேடுவதுதான் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குத் தலைவலி. இந்தப் பெண்ணின் முதல் வரி அந்தத் தலைவலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. 'சவாலான பணி' என்று எழுதாமலே சவாலைக் காட்டிவிட்டார்.

19 என்ற எண்ணைவிட அதை மூன்றாகப் பிரித்ததுதான் முக்கியம். வெறுமனே '214 பில்களைச் சரிபார்த்தேன்' என்றால் யாரோ எக்செல் ஷீட்டைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. பிரித்துச் சொன்னால் உட்கார்ந்து பார்த்த ஆள் என்று தெரிகிறது. பில்லில் '24-25/017' என்று இருக்கும். இவர்கள் டாலியில் '17' என்று போட்டிருப்பார்கள். எக்செல் இரண்டையும் வேறு வேறு பில்லாக எண்ணிவிடும். இந்த வேலையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது.

இந்தப் பாணிக்கு ஒரு விலையும் உண்டு. எழுதிய ஒவ்வொன்றும் இன்டர்வியூவில் கேள்வியாகத் திரும்பி வரும். 'அந்த ஐந்து பில்லை என்னம்மா செய்தீர்கள்?' என்று நிச்சயம் கேட்பார்கள். சப்ளையர் தாமதமாகத் தாக்கல் செய்தால் பில் அடுத்த மாத 2B-யில் வரும், அதுவரை அந்த வரியை எடுக்காமல் தனியாகக் குறித்து வைக்க வேண்டும், சிலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சிறு வியாபாரிகள் என்பதால் காலாண்டு முடிந்த பிறகே வரக்கூடும் என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியாதென்றால் அந்த வரியே எதிராகிவிடும். வாய் திறந்து இரண்டு நிமிடம் பேச முடியாத எதையும் About-ல் போடக்கூடாது.

'ரிட்டர்ன் தாக்கலை நேரடியாகச் செய்ததில்லை' என்ற வரியை எடுத்துவிடச் சொல்வார்கள் பலர். நான் வைக்கச் சொல்வேன். புதியவர் தாக்கல் செய்திருக்க மாட்டார் என்பது எப்படியும் தெரிந்த விஷயம். எல்லையைத் தானே சொல்கிறவர் மேலே சொன்னதையும் மிகைப்படுத்தியிருக்க மாட்டார் என்று தோன்றும். ஆனால் அது முதல் வரியில் வரக்கூடாது. நடுவில் இருக்கட்டும்.

சரி, அப்படியானால் கதைப் பாணிக்கு இடமே இல்லையா? ஒரு இடம் இருக்கிறது. படித்தது ஒன்று, தேடுவது வேறொன்று என்றால் படிப்பவர் மனத்தில் 'ஏன்?' என்ற கேள்வி நிற்கும். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா அனலிஸ்ட் வேலை கேட்பவர், படிப்பு முடிந்து ஒரு வருடம் வீட்டுப் பொறுப்பில் இருந்தவர், இவர்களுக்கு அந்த 'ஏன்'-க்கு இரண்டு வாக்கியம் பதில் தேவை. அதுவும் செய்த வேலைக்குப் பிறகு, இரண்டாவது பத்தியில்.

'டாலி | ஜி.எஸ்.டி. | எக்செல் | டீம்வொர்க்' என்று கோடு போட்டு அடுக்குகிற நாலாவது பாணி ஒன்றும் உண்டு. அதற்கென்றே Skills பகுதி இருக்கிறது, அங்கே போடுங்கள்.

அளவு விஷயத்தில் லிங்க்ட்இன் 2,600 எழுத்து வரை அனுமதிக்கிறது. அதை நிரப்ப வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்றாவது வடிவம் ஆங்கிலத்தில் அதன் பாதியைக்கூடத் தொடாது. சேமித்த பிறகு உங்கள் பக்கத்தைப் போனில் திறந்து, மடிப்புக்கு முன்னால் எது தெரிகிறதென்று பாருங்கள். பில்களை ஒப்பிட்ட கதை அங்கேயே தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் முன்னால் இருக்கிற 'வணக்கம்', 'என் பக்கத்துக்கு வருக' எல்லாவற்றையும் வெட்டுங்கள். About-ல் தடித்த எழுத்து வசதி இல்லாததால் சிலர் வெளித்தளங்களில் அலங்கார எழுத்தை உருவாக்கி ஒட்டுகிறார்கள். பார்க்க ஆங்கிலம் போல இருந்தாலும் அவை வேறு குறியீடுகள். தேடலில் சிக்காமல் போகலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் திணறும்.

பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், குழுவில் பெயர் மட்டும் இருந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் மூன்றாவது பாணியைக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது. டாலி பிரைமை லைசன்ஸ் இல்லாமலே கல்விப் பயன்பாட்டு முறையில் திறக்கலாம். மாதத்தின் 1, 2, கடைசித் தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். அது போதும். ஒரு கற்பனைத் துணிக்கடையை உருவாக்கி, ஒரு காலாண்டுக்கான வாங்கல் விற்றலைப் பதிந்து, லாப நட்டக் கணக்குவரை கொண்டுபோங்கள். About-ல் 'பயிற்சிக்காக நானே உருவாக்கிய கணக்கு' என்று வெளிப்படையாக எழுதுங்கள். வாங்கிய பிராஜெக்டைவிட இது நிற்கும்.

உண்மையான யூனிட்டின் கணக்கைப் பார்த்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி பெயர், ஜி.எஸ்.டி. எண், சப்ளையர் பெயர் எதுவும் About-லோ, Featured பகுதியில் ஏற்றும் எக்செல் படத்திலோ தெரியக்கூடாது. அடுத்தவர் கணக்கைப் பொதுவில் விரித்து வைக்கிறவரை அக்கவுண்ட்ஸில் யார் உட்கார வைப்பார்கள்? போன் நம்பரையும் போட வேண்டாம். 'வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று அழைப்பவர்கள் புதியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். உண்மையாகவே ஆள் தேடுகிறவர் லிங்க்ட்இன் மெசேஜிலேயே கூப்பிடுவார். வேண்டுமானால் வேலைக்கென்று தனியாக வைத்த மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கடைசி வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.