நாலு வருடம் பழகிய கேமராவும் போகாத வெள்ளைக் கட்டமும்

விலை குறைந்திருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். என்னிடம் இருக்கும் அதே மாடல். அக்காவின் ஆன்லைன் வீணை வகுப்புக்கு நாலு வருடமாக இதுதான். நிறமும் லென்ஸும் அருமை. ஆனால் எச்டிஎம்ஐ வழியாகக் கேப்சர் கார்டுக்கு எடுத்தால், திரையில் தெரியும் எல்லாமே படத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

`INFO` பட்டனை நாலு முறை அழுத்தினால் ஷட்டர், பேட்டரி எழுத்துகள் மறையும். ஆட்டோஃபோகஸ் கட்டம் மட்டும் அக்கா முகத்திலேயே நிற்கும். லென்ஸ் ஸ்விட்சை `MF`-க்குத் தள்ளினால் அதுவும் போகும். அப்புறம் வேறு தொல்லை: f/1.8-ல் வைத்திருந்தால், அக்கா தந்தி பார்க்கக் குனிந்ததும் முகம் மங்கிவிடும். f/5.6-க்கு மாற்றி, கூடுதலாக ஒரு விளக்குப் போட்ட பிறகுதான் நிம்மதி.

சிவப்புப் புள்ளிக்கு இந்த வழியும் கிடையாது. கேமராவின் எஸ்டி கார்டில் ரெக்கார்டு போட்டால்தான் அது வரும். கார்டில் பதிவாகும் வீடியோ சுத்தமாகவே இருக்கும். புள்ளி விழுவது எச்டிஎம்ஐ பக்கம்தான். அதனால் இப்போது கேமராவில் ரெக்கார்டு போடுவதே இல்லை, கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் மட்டும்.

ஒரு நாள் மறந்து லென்ஸை `AF`-லேயே விட்டு, கேமரா, ஓபிஎஸ் இரண்டிலும் ரெக்கார்டு ஓடவிட்டு, கார்டையும் அழித்துவிட்டேன். மிஞ்சிய கேப்சரில் வலது மேல் மூலையில் புள்ளி, நடுவில் கட்டம். புள்ளியை இப்படி எடுத்தேன்:

```
ffmpeg -i vaguppu.mp4 -vf "delogo=x=1790:y=48:w=70:h=44" -c:a copy sutham.mp4
```

இது சுற்றியுள்ள பிக்சல்களை வைத்து அந்த இடத்தை நிரப்பும். பின்னால் வெறும் சுவர் என்பதால் தடமே தெரியவில்லை. கட்டத்துக்கும் இதையே போட்டுப் பார்த்தேன்; கண்ணும் மூக்கும் குழைந்து போயின. படத்தின் ஓரத்தில் இருப்பதை வெட்டியும் எடுக்கலாம்: இரு பக்கமும் 160, மேலும் கீழும் 90 பிக்சல் வெட்டினால் 1600×900 மிஞ்சும், விகிதம் மாறாது. நடுவில் இருக்கும் கட்டத்தை எப்படி வெட்டுவது? அந்த வகுப்பை அக்கா மறுபடி எடுத்தார்.

இத்தனைக்கும், சோனி ஏ6400-ல் `HDMI Info. Display` என்பதை `Off` செய்தால் வேலை முடிந்தது. நிக்கான் டி7200-ல் எச்டிஎம்ஐ மெனுவின் `Advanced`-க்குள் `Live view on-screen display` இருக்கிறது. அதே ஒற்றை வரி என் கேமராவில் இல்லை என்பதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அதனால் நண்பனிடம் சொன்னது இதுதான்: வாங்குவதற்கு முன் கேமராவை டிவியில் செருகி, ஷட்டரைப் பாதி அழுத்திப் பார். டிவியில் கட்டம் தெரிந்தால் கேப்சரிலும் அது இருக்கும். நேரலைக்கு என்றால் இந்த மாடல் வேண்டாம். உன்னுடையதைத் தருகிறாயா என்றான். தர மாட்டேன், அந்த வீணையின் மர நிறம் இதில் வருகிற மாதிரி வேறெதிலும் நான் பார்த்ததில்லை.