பலகை குறைந்தால் பீரோவையே திருப்புவதா, பாகத்தை மட்டும் கேட்டு வாங்குவதா?

ஆன்லைனில் வாங்கிய மர பீரோ அட்டைப்பெட்டிகளில் வருகிறது. பிரித்துப் பரப்பிப் பார்த்தால் ஒரு பலகையைக் காணோம், திருகுப் பையிலும் எண்ணிக்கை குறைகிறது. அப்போது மூன்று வழிகள் உண்டு. முழுப் பொருளையும் திருப்பி அனுப்பலாம். குறைந்த பாகத்தை மட்டும் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். அல்லது ராமநாதபுரத்திலேயே ஹார்டுவேர் கடையிலும் ஆசாரியிடமும் முடித்துக்கொள்ளலாம். எது நல்லது என்பதை முடிவு செய்வது குறைந்திருக்கும் பாகம்தான், நம் கோபம் அல்ல. பாகத்தில் இயந்திரம் போட்ட துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அதற்கு முன், உண்மையிலேயே குறைகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பெட்டியின் ஓரத்தில் 1/3, 2/3, 3/3 என்று அச்சடித்திருக்கும். மூன்று பெட்டிகளும் ஒரே வண்டியில் வர வேண்டும் என்பதில்லை. மதுரையிலிருந்து ஒன்று முன்னால் வந்து, மற்றொன்று ஓரிரு நாள் கழித்து வருவது இந்தப் பக்கம் சகஜம். திருகுப் பையை ஏதாவதொரு பலகையின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், அல்லது தெர்மோகோலுக்குள் செருகியிருப்பார்கள். இடப்பலகையும் வலப்பலகையும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டில் ஒன்றை வேறு எதுவோ என்று எடுத்து வைத்துவிட்டுத் தேடுபவர்களும் உண்டு. கையேட்டில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் இருக்கும். ஒவ்வொரு பலகையையும் அதன் எண்ணோடு ஒத்துப் பார்த்து, பென்சிலால் அந்த எண்ணைப் பலகை மேலேயே குறித்துவிட்டால் குழப்பம் இருக்காது.

கீழக்கரையில் நண்பர் ஒருவர் வாங்கிய மூன்று கதவு பீரோவை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. மூன்று பெட்டிகளும் வந்துவிட்டன. இரண்டு குறைகள்: காம் லாக் 28 இருக்க வேண்டும், 20தான் இருந்தது. துணி மாட்டும் பகுதியையும் தட்டுகளையும் பிரிக்கிற நடுத்தடுப்புப் பலகை இல்லவே இல்லை. உதவிக்கு வந்த ஆசாரி, "காக்கா, பலகைதானே, நான் அறுத்துத் தர்றேன். இதுக்குப் போய் கம்பெனிக்கு எழுதிக்கிட்டு" என்றார். பாதி சரி, பாதி தவறு.

முதலில் காம் லாக். மினிஃபிக்ஸ் என்று கேட்டாலும் கடையில் தெரியும். பலகையின் முகத்தில் வட்டக் குழிக்குள் உட்கார்ந்து, அடுத்த பலகையில் பதித்த போல்ட்டின் தலையைக் கவ்வி இழுக்கும் சின்ன உலோக வில்லை அது. கடையில் கிடைக்கும் பொருள்தான், விலையும் சொற்பம். இதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பது வீண் என்பேன். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதை வாங்கி வந்துவிடக் கூடாது. மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குழியின் விட்டம், இது பெரும்பாலும் 15 மி.மீ. இருக்கும். இரண்டாவது வில்லையின் உயரம், 16 மி.மீ. பலகைக்கும் 18 மி.மீ. பலகைக்கும் இது மாறும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: பலகை விளிம்பிலிருந்து குழியின் நடு வரைக்கும் உள்ள தூரம். 24 மி.மீ. வகையும் உண்டு, 34 மி.மீ. வகையும் உண்டு, போல்ட்டின் நீளம் அதைப் பொறுத்தது. மாதிரிக்கு ஒரு வில்லையையும் ஒரு போல்ட்டையும் கையில் கொண்டு போவதே பாதுகாப்பு. தவறான நீளம் என்பது மாட்டும்போதே தெரியும். ஸ்குரூ டிரைவரால் அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் இறுக்கம் கையில் தட்ட வேண்டும். தட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் வில்லை போல்ட்டைக் கவ்வவில்லை. அதற்கு மேல் முரட்டுத்தனமாகத் திருகினால் வில்லை உடைந்துவிடும்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் படகு வேலைக்கான எஸ்.எஸ். போல்ட் எளிதாகக் கிடைக்கிறதே, அதையே போடலாமா என்று சிலர் கேட்பார்கள். உப்புக் காற்றுக்கு அது நல்லதுதான். கைப்பிடி, கால் போன்ற வெளியே தெரியும் இடங்களில், அளவு ஒத்துப்போனால் தாராளமாகப் போடலாம். காம் லாக் செய்கிற வேலையை அது செய்யாது.

நடுத்தடுப்புக்கு வருவோம். ஆசாரி பலகையை அளவாக அறுத்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. சிக்கல் துளைகளில் இருக்கிறது. அந்த ஒரு பலகையில் இரு முகத்திலும் தட்டுக்கான துளைகள், மேலும் கீழும் காம் குழிகள், விளிம்பில் மரக்குச்சிக்கான துளைகள் என்று வரிசையாக உண்டு. 18 மி.மீ. பலகையில் காம் குழியின் ஆழம் சுமார் 13 மி.மீ., அதன் அடி தட்டையாக இருக்க வேண்டும். சாதாரண பிட்டைப் போட்டால் அதன் கூர்முனை மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். அதற்கென்று உள்ள பிட் இருந்தாலும், துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே போல்ட் வில்லைக்குள் சரியாக விழாது. இதோடு நிறமும் ஒத்து வராது. கடையில் கிடைக்கும் லேமினேட் பலகை கிட்டத்தட்ட அதே தேக்கு நிறத்தில் இருந்தாலும், கதவைத் திறந்தால் வித்தியாசம் கண்ணில் குத்தும். அறுத்த விளிம்புக்குக் கையால் ஒட்டும் எட்ஜ் பேண்டிங் இங்கத்திய ஈரக் காற்றில் சீக்கிரம் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் பலகை ஈரம் குடித்து உப்பும். ஆகவே துளை போட்ட பலகை குறைந்தால் கம்பெனியிடம் கேட்பதே சரி.

பின்பலகை மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது பெரும்பாலும் 3 மி.மீ. எம்.டி.எஃப் அல்லது ஹார்டு போர்டு. துளை எதுவும் இருக்காது. ராமநாதபுரத்திலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடலாம். ஆணி அடிக்கும் வகையா, காடியில் செருகும் வகையா என்று மட்டும் பார்க்க வேண்டும். காடி 3 மி.மீ. பலகைக்கானது என்றால் 4 மி.மீ. பிளைவுட் உள்ளே போகாது. அடிக்கும் முன் பீரோவின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் சமமாக வருகிற வரை சட்டத்தைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கதவுகள் ஒன்றோடொன்று உரசும். பின்பலகை இல்லாமல் பீரோவை நிமிர்த்திவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் ஆபத்தான சோம்பல். பக்கவாட்டில் ஆடாமல் பீரோவைப் பிடித்து வைப்பதே அந்த மெல்லிய பலகைதான்.

பாகம் கேட்டு எழுதும் விதத்தில்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது. கீழக்கரை நண்பர் முதலில் "நடுப்பலகை வரவில்லை" என்று மட்டும் எழுதினார். வந்து சேர்ந்தது ஒரு தட்டு. அந்த அலுவலகத்தில் இருப்பவருக்கு எது நடுப்பலகை என்று எப்படித் தெரியும்? இரண்டாம் முறை எழுதியது இப்படி:

"ஆர்டர் எண் இது. மாடல் பெயரும் நிறமும் இது. பெட்டி 2/3. கையேடு 4ஆம் பக்கப் படத்தில் 7ஆம் எண் பலகை, நடுத்தடுப்பு, இல்லை. காம் லாக் 28க்கு 20. பெட்டியின் பேட்ச் லேபிள், பரப்பி வைத்த எல்லாப் பலகைகள், கையேட்டில் வட்டமிட்ட படம் ஆகியவை இணைப்பில். இன்னும் மாட்டத் தொடங்கவில்லை."

இதற்குச் சரியான பலகை வந்தது. பேட்ச் லேபிள் முக்கியம். அதே மாடலிலேயே துளைகளின் இடம் பேட்சுக்குப் பேட்ச் மாறியிருக்கலாம். "மாட்டத் தொடங்கவில்லை" என்ற வரிக்கும் பயன் உண்டு. மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்கப் பெரும்பாலும் மறுப்பார்கள். பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை ஏற்றிய திருகைக் கழற்றி மறுபடி ஏற்றினால் பிடிப்பு குறையும் என்பதும் உண்மைதான்.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு விஷயம். விற்பனைத் தளத்தின் செயலியில் புகார் போட்டால் பல நேரம் "திருப்பி அனுப்பு", "மாற்றித் தா" என்ற இரண்டு பொத்தான்கள்தான் வரும். பாகம் இருப்பது தயாரிப்பாளரிடம். கையேட்டில் உள்ள அவர்களது வாடிக்கையாளர் எண்ணை அழைத்துப் பேசுங்கள். பேசியதையே தளத்தின் சாட்டிலும் எழுதி வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாளோ பத்து நாளோ, பாகம் கேட்டதால் அது நின்றுவிடாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் "இந்தத் தேதிக்குள் பாகம் வராவிட்டால் முழுப் பொருளையும் எடுத்துக்கொள்வோம்" என்று கெடு முடியும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், கெடுவின் கடைசி நாளுக்கு முன் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்திவிடுவேன்.

மற்றபடி முழுதாகத் திருப்புவது எனக்குப் பிடித்த வழியல்ல. மூன்று பெட்டிகளையும் பழையபடி கட்டி வைக்க வேண்டும், எடுக்க வருபவர் வரும்வரை வீட்டில் இடம் வேண்டும், வந்தவர் "அட்டை கிழிஞ்சிருக்கு" என்று திரும்பிப் போகவும் வாய்ப்பு உண்டு. மாற்றாக வரும் பொருளும் அதே பேட்சாக இருந்தால் அதே குறையோடு வரலாம். பக்கப்பலகைகளோ அடிப்பலகையோ உடைந்து வந்திருந்தால், பல பாகங்கள் இல்லாவிட்டால், அல்லது வேறு மாடலின் பெட்டி கலந்து வந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் திருப்பிவிடலாம்.

காத்திருக்கும் காலத்தில் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். தரையிலிருந்து உயர்த்தி, சம இடைவெளியில் மரச்சட்டங்கள் போட்டு, அதன் மேல் படுக்கையாக அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்ணையில் வைத்தால் துளைகள் வழியாகவும் ஒட்டாத விளிம்புகள் வழியாகவும் ஈரம் ஏறி, விளிம்பு தடித்துப் போகும். தடித்த பலகை மறுபடி மெலியாது. அதற்குக் கம்பெனியையும் குற்றம் சொல்ல முடியாது.

கம்பெனி இழுத்தடித்தால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் கைகொடுக்கும். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் மேலே போக வேண்டுமானால், விற்பவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.