கட்டடம் எழும்பும் வரை ஓடும் வட்டி: செலவில் எழுதுவதா, சொத்தில் ஏற்றுவதா?

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை புதிதாக ஒரு ஷெட் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இந்தக் கட்டடத்துக்கென்றே 10% வட்டியில் 6 கோடி டேர்ம் லோன். 2023 ஏப்ரல் 1 அன்று 2 கோடி, ஜூலை 1 அன்று 2 கோடி, அக்டோபர் 1 அன்று 2 கோடி என்று பணம் வருகிறது. முதல் தவணை வந்த அன்றே அஸ்திவார வேலையும் தொடங்கிவிட்டது. மார்ச் முடிய வட்டி முறையே 20, 15, 10 லட்சம், ஆக 45 லட்சம். பழைய ஆலை அந்த ஆண்டு வட்டிக்கு முன் 1 கோடி லாபம் பார்த்திருக்கிறது.

இந்த 45 லட்சத்தை எங்கே எழுதுவது? லாப நட்டக் கணக்கில் எழுதினால் லாபம் 55 லட்சம். கட்டடத்தின் அடக்கவிலையில் ஏற்றினால் லாபம் 1 கோடியாகவே நிற்கும். ஏற்றிய வட்டி, கட்டடத்தின் ஆயுளான 30 ஆண்டுகளில் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். எப்படி எழுதினாலும் வங்கிக்குப் போகும் பணம் ஒன்றுதான்.

ஒரு காலத்தில் இதில் விருப்பம் போல் தேர்ந்தெடுக்க முடிந்தது. சர்வதேசக் கணக்குத் தரமான ஐஏஎஸ் 23 முன்பு செலவில் எழுதுவதையே முதல் வழியாகச் சொல்லி, சொத்தில் ஏற்றுவதையும் அனுமதித்தது. 2007இல் அதைத் திருத்தி, 2009 ஜனவரி முதல் தகுதியுள்ள சொத்துக்கு ஏற்றியே ஆகவேண்டும் என்றார்கள். நம் ஊர்க் கணக்குத் தரங்களான ஏஎஸ் 16, இண்ட் ஏஎஸ் 23 இரண்டிலும் அதே கட்டாயம்தான். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சர்வதேசத் தரம் மட்டும் மறுபக்கம் நிற்கிறது: எல்லா வட்டியும் செலவு. கணக்கு எழுதும் சிரமம் குறையட்டும் என்பது அதன் எண்ணம்.

என்னைக் கேட்டால் ஏற்றுவதுதான் நியாயம். இதே ஷெட்டை ஒருவர் கட்டி முடித்து விற்றால், தான் கட்டிய வட்டியையும் விலையில் சேர்த்துத்தான் நம்மிடம் கேட்பார். நாமே கட்டும்போது மட்டும் அந்த வட்டி ஏன் அடக்கத்தில் வரக்கூடாது? ஆனால் ஏற்றும் உரிமைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. தப்பு நடப்பதெல்லாம் அந்த எல்லைகளில்தான்.

முதலில் சொத்து தகுதியானதா என்று பார்க்க வேண்டும். தயாராக நீண்ட காலம் பிடிக்கும் சொத்துக்குத்தான் ஏற்றலாம். ஏஎஸ் 16 சாதாரணமாக 12 மாதத்தை அளவாக வைக்கிறது. நம் ஷெட் 16 மாதம் எடுத்தது, சரி. கடனில் வாங்கும் லாரிக்கு இது பொருந்தாது, ஏனென்றால் ஷோரூமை விட்டு வரும்போதே அது ஓடத் தயார். இடத்தை வாங்கிப் போட்டுவிட்டு எந்த வேலையும் தொடங்காமல் இருந்தாலும் அந்தக் காலத்து வட்டி செலவுதான்.

அடுத்தது இடைநிறுத்தம். நவம்பரில் கான்ட்ராக்டர் பில் தகராறில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் தூண்கள் மட்டும் நின்றன, வேலை இல்லை. மாதம் 5 லட்சம் வீதம் 15 லட்சம் வட்டி ஓடியது. இதை ஏற்றக்கூடாது, லாப நட்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அதே நிறுத்தம், அந்தப் பகுதியில் வழக்கமாக ஆற்றில் தண்ணீர் ஏறும் பருவத்தில் பாலம் வேலை தள்ளிப்போவது போன்றதாக இருந்தால் ஏற்றலாம். அது கட்டுமானத்தோடு ஒட்டிய தாமதம். தகராறு அப்படியல்ல. சும்மா நின்ற மாதங்களின் வட்டியால் கட்டடத்தின் மதிப்பு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

இன்னொன்றும் கழிய வேண்டும். இரண்டாவது தவணையில் உடனே செலவாகாத பணம் கொஞ்ச நாள் டெபாசிட்டில் கிடந்து 2 லட்சம் வட்டி தந்தது. ஏற்றும் தொகையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். ஆக முதல் ஆண்டில் ஏற்றுவது 45இல் 15ம் 2ம் போக 28 லட்சம். அந்த ஆண்டின் லாபம் 55 லட்சமும் இல்லை, 1 கோடியும் இல்லை, 85 லட்சம்.

கடைசி எல்லை, சொத்து தயாரான நாள். 2024 ஜூலை 31 அன்று தரை, கூரை, ஒயரிங் எல்லாம் முடிந்தது. இன்ஜினியர் சான்றிதழும் கொடுத்துவிட்டார். ஆனால் ஆடி மாதம். முதலாளி ஷெட்டைப் பூட்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு, ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்து ஆகஸ்ட் 31 அன்றுதான் பால் காய்ச்சி மிஷினை உள்ளே இறக்கினார். பூட்டிக் கிடந்த ஆகஸ்ட் மாத வட்டி 5 லட்சம் எங்கே போகும்? கணக்குத் தரத்தின்படி செலவுக்குத்தான். உபயோகத்துக்குத் தயாரான நாளோடு ஏற்றுவது நிற்கிறது, உபயோகித்த நாளோடு அல்ல. எனவே இரண்டாம் ஆண்டில் ஏப்ரல் முதல் ஜூலை வரை 20 லட்சம், முன்னதோடு சேர்த்து 48 லட்சம் கட்டடத்தின் மேல் ஏறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1.6 லட்சம் தேய்மானமாக வெளியே வரும்.

வருமான வரிக்குப் போனால் எல்லைகள் நகர்கின்றன. இந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும் 1961 சட்டத்தின் 36ஆம் பிரிவும், வரிக்கென்றே உள்ள கணக்குத் தரமான ஐசிடிஎஸ் 9ம் பார்ப்பது முதன்முதலில் உபயோகித்த நாளை. ஆகவே ஆகஸ்ட் மாத 5 லட்சமும் சொத்தில் ஏறும். வேலை நின்றால் ஏற்றுவதும் நிற்க வேண்டும் என்ற விதி ஐசிடிஎஸ்ஸில் கிடையாது, எனவே 15 லட்சமும் ஏறும். டெபாசிட் வட்டியைக் கழிக்க வழியில்லை, அது தனி வருமானம். தொழில் தொடங்கும் முன் கடன் பணத்தை டெபாசிட்டில் போட்டு வந்த வட்டிக்கு வரி உண்டு என்று தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் 1997இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக வரிக் கணக்கில் 70 லட்சம், ஏட்டுக் கணக்கில் 48 லட்சம். நடுவில் உள்ள 22 லட்சம் தப்பல்ல: 15, 5, 2. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிவைக்காத ஆலையில், மூன்று வருடம் கழித்து அதிகாரி கேட்கும்போது பதில் சொல்ல யாருக்கும் நினைவிருக்காது. இந்த ஒரு தாளை ஃபைலில் வைக்கச் சொல்லி நான் கெஞ்சாத குறையாகக் கேட்பேன்.

தனி லோன் எடுக்காமல் வங்கி ஓவர்டிராஃப்ட் கணக்கிலிருந்தே கட்டினால், ஓடும் பொதுக் கடன்களின் சராசரி வட்டி விகிதத்தைக் கண்டுபிடித்து, கட்டடத்துக்குச் செலவான பணத்துக்கு மட்டும் போட வேண்டும். அந்த ஆண்டு உண்மையில் ஓடிய வட்டிக்கு மேல் ஏற்றக்கூடாது.

வெளியிலிருந்து ஒரு கம்பெனியின் கணக்கைப் படிப்பவர் எப்படிக் கண்டுகொள்வது? லாப நட்டக் கணக்கில் உள்ள வட்டிச் செலவை, ரொக்க ஓட்ட அறிக்கையில் கட்டியதாகக் காட்டும் வட்டியோடு ஒட்டிப் பாருங்கள். கட்டியது மிக அதிகமாக இருந்தால் மிச்சம் சொத்துக்குள் போயிருக்கிறது. எவ்வளவு ஏற்றினார்கள் என்பது குறிப்புகளில் இருக்க வேண்டும். அப்புறம், கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, 2021 ஏப்ரல் முதல், முடியாத கட்டுமானம் எத்தனை ஆண்டாகக் கிடக்கிறது என்ற பட்டியலும் வர வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் என்ற கட்டத்தில் பெரிய தொகை நின்று, அதே திட்டத்துக்கு இந்த ஆண்டும் வட்டி ஏறியிருந்தால், தளத்தில் இந்த ஆண்டு எத்தனை மாதம் வேலை நடந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கான்ட்ராக்டர் பில்களின் தேதியே அதற்குப் பதில் சொல்லும்.