ஓபிஎஸ், டாவின்சி ரிசால்வ், ஒரு போன்: வீடியோ பாடம் எடுத்த இரண்டு வருட அனுபவம்

எலக்ட்ரீஷியன் வேலை கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு வருடமாக ஆன்லைன் பாடங்களைப் படம்பிடித்து எடிட் செய்து தருகிறேன். அவர் கேமராவைப் பார்த்துப் பேசுவார், இடையில் ஸ்லைடு வரும், அப்புறம் ஸ்விட்ச் போர்டையோ ஒயரையோ கிட்டத்தில் காட்டும் ஷாட் வரும். கருவிகளில் இன்றுவரை மாறாதவை ஒரு போன், சட்டையில் குத்தும் காலர் மைக், லேப்டாப்பில் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. மாறியது வேலை செய்யும் வரிசைதான்.

ஓபிஎஸ்ஸில் ஸ்லைடையும் முகத்தையும் ஒரே சீனில் அடுக்கி நேராகப் பதிவு செய்வது பலரின் வழக்கம். எடிட்டிங்கே வேண்டாம் என்றால் அது போதும். ஆனால் பேச்சில் ஒரு தடுமாற்றத்தை வெட்டினால் முகமும் ஸ்லைடும் சேர்ந்து குதிக்கும். ஸ்லைடில் எழுத்துப்பிழை இருந்தால் அந்தப் பகுதியையே மறுபடி பேச வைக்க வேண்டும். அதனால் நான் இரண்டையும் தனித்தனியாகப் பதிகிறேன். போன் முகத்தை மட்டும் 4கே-யில் எடுக்கும். காலர் மைக்கை லேப்டாப்பில் செருகிவிடுவதால் ஓபிஎஸ் பதிவில் நல்ல குரலும், எந்த இடத்தில் எந்த ஸ்லைடு திரும்பியது என்ற தடமும் கிடைத்துவிடும். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் ஆசிரியர் ஒரு முறை கை தட்டுவார். டைம்லைனில் இரண்டு ஒலி அலைகளிலும் அந்தத் தட்டல் கூராக நிற்கும், அதை வைத்துப் பொருத்தினால் போதும். ஓபிஎஸ் பதிவை எம்கேவி வடிவில் வைப்பது நல்லது. நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது தப்பிக்கும், சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம். எடிட் செய்யும் முன் `File` மெனுவில் உள்ள `Remux Recordings` மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

இந்த முறையில் நிறையப் பேர் சிக்குவது உதட்டசைவில். முதல் நிமிடத்தில் குரலும் வாயும் சரியாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பெரும்பாலும் காரணம் போன் வீடியோதான். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பப் பல போன்கள் ஃப்ரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருந்தால் இதுதான் சங்கதி. எடிட்டருக்குள் கொண்டுபோகும் முன்பே ffmpeg என்ற இலவசக் கட்டளை மென்பொருளால் சீரான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்:

```
ffmpeg -i mugam.mp4 -fps_mode cfr -r 30 -c:v libx264 -crf 18 -c:a copy mugam30.mp4
```

ரிசால்விலும் ப்ராஜெக்டின் ஃப்ரேம் வேகத்தை முதலிலேயே 30 என்று வைத்துவிடுங்கள். டைம்லைனில் வேலை ஆரம்பித்த பிறகு அதை மாற்ற விடாது. போன் கேமராவில் மேனுவல் வசதி இருந்தால் ஷட்டரை 1/50 நொடியில் பூட்டிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60-ல் எடுத்தால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் படத்தில் பட்டை பட்டையாக நெளியும்.

இனி எடிட்டிங். நான் முதலில் படத்தைப் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வானொலி கேட்பது போலக் குரலை மட்டும் கேட்டு வெட்டுவேன். `Ctrl+B` வெட்டும், `Delete` அந்தத் துண்டை எடுத்து இடைவெளியையும் மூடும், `Backspace` இடைவெளியை அப்படியே விடும். க, த, ப போன்ற வல்லின எழுத்தில் தொடங்கும் சொல்லுக்குச் சற்று முன்னால் வெட்டினால் தடமே தெரியாது. அந்த ஒலி எழுமுன் வாய் அடைத்து ஒரு கணம் மௌனம் இருக்கும், வெட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். மூச்சு விடும் சத்தத்தை எல்லாம் துடைத்துவிடக் கூடாது. துடைத்தால் கேட்பவருக்கே மூச்சு முட்டும்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் சொன்னது: "ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா இருக்கணும். வித்தியாசம் 30 மில்லிஆம்பியர் ஆகிறதுக்குள்ள இது விழுந்துடணும்." நடுவில் தடுமாறி, "தம்பி, அந்த வரியைத் திரும்பச் சொல்றேன்" என்று மறுபடி ஆரம்பித்தார். குரலில் அதை ஒட்டிவிட்டேன், காதுக்குச் சுத்தம். முகத்தில் மட்டும் தலை ஒரு அங்குலம் குதித்தது.

இங்கேதான் ஸ்லைடு உதவுகிறது. இரண்டு ஒயரும் ஒரே வளையத்துக்குள் நுழையும் படத்தை "ஃபேஸில்" என்ற சொல்லுக்கு அரை நொடி முன்பே கொண்டுவந்து, வெட்டைத் தாண்டி அந்த வாக்கியம் முடியும்வரை நிறுத்தினேன். ஸ்லைடு மிகச்சரியாக வெட்டின்மேலேயே ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். முன்னும் பின்னும் தாராளமாகப் பரவியிருந்தால் அது விளக்கமாகத் தெரியும், ஒட்டு அடியில் மறைந்துவிடும்.

அடுத்த ஷாட், ஆர்சிசிபியின் `T` பொத்தானை விரல் அழுத்துவது. இப்படிப்பட்ட கிட்டத்து ஷாட்களைப் பாடம் எடுத்த அன்றே எடுப்பதில்லை. குரலை வெட்டி முடித்த பின், எந்த வாக்கியத்துக்கு எத்தனை நொடி படம் தேவை என்று எழுதி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எடுத்தால் வீணாவது குறைவு. லிவர் விழும் 'டக்' சத்தத்தைக் குரலுக்கு அடியில் லேசாக விட்டேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் விழுந்ததாகவே மனதில் பதியாது. அதற்கடுத்து "அடிக்கடி விழுதுன்னு இதை பைபாஸ் பண்ணாதீங்க" என்று அவர் எச்சரிக்கும் இடத்தில் எந்தப் படமும் வைக்கவில்லை. எச்சரிக்கும்போது முகம்தான் வேண்டும். அங்கேயும் ஒரு வெட்டு இருந்தது. முகத்தை 115 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன், வேறு கேமராவுக்கு மாறியது போல் ஆகிவிட்டது. 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிடுவதால் தெளிவு குறையவில்லை.

ஸ்லைடு மங்கலாகத் தெரிகிறதே என்று பலர் கேட்கிறார்கள். பவர்பாயிண்டில் அகலத் திரை ஸ்லைடைப் படமாகச் சேமித்தால் வழக்கமாக 1280×720 அளவில்தான் வரும். 1080 டைம்லைனில் அதை இழுத்துப் பெரிதாக்கினால் தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும்தான் முதலில் கெடும். பிடிஎஃப் ஆகச் சேமித்து இப்படி மாற்றினால் 1920×1080 சரியாக வரும், எழுத்துருவும் உடையாது:

```
pdftoppm -r 144 -png paadam.pdf slide
```

ரிசால்வின் குறை என்றால் கணினியிடம் அதிகம் கேட்பதுதான். 8 ஜிபி ராமில் 4கே கோப்பு திணறும். `Generate Proxy Media` கொடுத்துச் சிறிய நகல்களை வைத்து வேலை செய்தால் சமாளிக்கலாம், ஆனால் அந்த நகல்கள் உருவாகும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸில் இலவசப் பதிப்பு ஏஏசி ஒலியையும் எச்.264 படத்தையும் படிக்காது என்பதால் அங்கே இருப்பவர்கள் மேலே உள்ள ffmpeg கட்டளையோடு நிறுத்தாமல் ஒலி, படம் இரண்டையுமே அது ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தனித்தனியாகப் பதிவதால் கிடைக்கும் பெரிய லாபம் பாடம் வெளிவந்த பிறகுதான் தெரியும். ஒரு ஸ்லைடில் ஒயர் நிறம் தவறு என்று மாணவர் சொன்னால், திருத்திய படத்தை அதே கோப்புப் பெயரில் பழையதன் மேல் சேமித்து, ப்ராஜெக்டைத் திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் கொடுக்கிறேன். ஆசிரியர் திரும்ப மைக் மாட்ட வேண்டியதில்லை.