பனிச்சரிவா, பனிப்பந்தா? மூன்று கடன்களை வைத்து ஒரு கணக்கு

பல கடன்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிய பிறகும் மாதம் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை எந்தக் கடனில் போடுவது? இந்த ஒரு கேள்விக்கான இரண்டு பதில்கள்தான் பனிச்சரிவு முறையும் பனிப்பந்து முறையும்.

பனிச்சரிவில் வட்டி விகிதம் அதிகமான கடனுக்கு மிச்சம் முழுவதும் போகும். பனிப்பந்தில் பாக்கி குறைவான கடனுக்குப் போகும், வட்டி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இரண்டிலும் ஒரு கடன் முடிந்ததும் அதற்குக் கட்டிவந்த தவணை அடுத்த கடனோடு சேர்ந்துவிடும். மாதம் கட்டும் மொத்தத் தொகை கடைசி வரை மாறாது. வரிசை மட்டும்தான் வேறு.

அந்த வரிசையால் என்ன மாறுகிறது என்பதை நோட்டில் மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தேன். எடுத்துக்கொண்ட கடன்கள் மூன்று. கிரெடிட் கார்டில் 1,00,000 பாக்கி, ஆண்டுக்கு 36% வட்டி, கட்டும் குறைந்தபட்சம் 5,000. தனிநபர் கடன் 60,000, வட்டி 18%, தவணை 3,000. பொருள் வாங்கிய சின்னக் கடன் 20,000, வட்டி 12%, தவணை 1,000. கட்டாயத் தவணைகள் 9,000. மாதம் மொத்தம் 15,000 கட்ட முடியும் என்றால் மிச்சம் 6,000. வட்டி மாதந்தோறும் குறையும் பாக்கியின் மேல்தான், வேறு கட்டணம் எதுவும் இல்லை, கார்டில் புதுச் செலவும் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

பனிப்பந்தில் போனால் 3-வது மாதமே சின்னக் கடன் முடிந்துவிடுகிறது. தனிநபர் கடன் 9-வது மாதம், கார்டு 15-வது மாதம். கட்டிய மொத்த வட்டி 37,933. பனிச்சரிவில் போனால் முதல் கடன், அதாவது கார்டு, 11-வது மாதம்தான் முடிகிறது. மற்ற இரண்டும் 14-வது மாதம் ஒன்றாக முடிகின்றன. வட்டி 29,524. வித்தியாசம் 8,409, கூடவே ஒரு மாதம் முன்னால் விடுதலை.

சரி, கணக்கு பனிச்சரிவின் பக்கம்தான். இதில் விவாதமே கிடையாது. ஆனால் 3-வது மாதக் கடைசியில் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பனிப்பந்துக்காரரின் மொத்தப் பாக்கி 1,46,819. பனிச்சரிவுக்காரரின் பாக்கி 1,46,454. நானூறு கூட வித்தியாசம் இல்லை. ஆனால் ஒருவரிடம் ஒரு கடன் அடியோடு இல்லை. இன்னொருவரிடம் மூன்று கடனும் அப்படியே நிற்கின்றன. இன்னும் எட்டு மாதத்துக்கு அந்த மூன்றில் ஒன்றும் முடியப் போவதும் இல்லை. இந்த எட்டு மாதத்தைத் தாண்டுவதுதான் பனிச்சரிவின் உண்மையான விலை.

கடன்களின் எண்ணிக்கை மனதை எப்படி இழுக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 2011-இல் டான் ஆரியலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிலரிடம் பல கடன்களையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து ஒரு விளையாட்டு போல அடைக்கச் சொன்னார்கள். பெரிய கடனுக்குத்தான் வட்டி அதிகம் என்று தெரிந்தும், பலர் சின்னக் கடன்களை முதலில் முடித்தார்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு கணக்கும் ஒரு தனிச் சுமையாக மனதில் உட்கார்ந்திருக்கிறது, தொகை எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம்.

இது வெறும் தவறான கணக்குதானா, இல்லை இதில் பயனும் உண்டா? 2012-இல் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் கடன் தீர்வுத் திட்டத்தில் இருந்த சுமார் 6,000 பேரின் பதிவுகளை அலசினார்கள். எத்தனை கணக்குகளை மூடினார்கள் என்பது, மொத்தத்தில் எவ்வளவு அடைத்தார்கள் என்பதைத் தாண்டி, கடைசியில் முழுக்க மீள்வார்களா என்பதைக் காட்டிக்கொடுத்தது. பனிப்பந்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் நிற்பது இந்த ஆய்வின் மேல்தான். ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும். கணக்குகளை மூடியவர்கள்தான் மீண்டார்கள் என்பதால், மூடியதால்தான் மீண்டார்கள் என்று அப்படியே சொல்லிவிட முடியாது. இயல்பிலேயே விடாப்பிடியானவர்கள் இரண்டையும் செய்திருக்கலாம்.

2016-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதை இன்னும் நெருங்கிப் பார்த்தது. முன்னேறுகிறோம் என்ற உணர்வைத் தருவது கட்டிய தொகையோ, மிச்சமிருக்கும் தொகையோ அல்ல. ஒரு கணக்கின் பாக்கியில் எத்தனை பங்கு குறைந்தது என்பதுதான். 6,000 கட்டினால் 20,000 கடனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, ஒரு லட்சத்தில் அது வெறும் 6%. அதே பணம், ஆனால் ஒரே மாதிரி உணர்வைத் தருவதில்லை.

பனிப்பந்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்கும் ஒரு சோர்வுக் காலம் உண்டு, அது பின்னால் வருகிறது. நம் கணக்கில் முதல் எட்டு மாதம் கார்டுக்கு 40,000 கட்டியாகிவிட்டது. பாக்கி குறைந்தது 17,785 மட்டும். 22,000-க்கு மேல் வட்டியாகவே போயிருக்கிறது. 9-வது மாதக் கடைசியில் இரண்டு கடனை முடித்த பெருமையோடு கார்டின் பக்கம் திரும்பினால், 75,339 இன்னும் காத்திருக்கிறது. இங்கே மனம் விட்டுப்போகிறவர்களும் உண்டு.

பனிச்சரிவுக்காரர் நடுவில் சோர்ந்துபோய் சறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். 5-வது மாதத்திலிருந்து 8-வது மாதம் வரை கூடுதல் 6,000-ஐக் கட்டாமல், தவணைகளை மட்டும் கட்டுகிறார், பிறகு பழையபடி தொடர்கிறார். கடன் 16-வது மாதம் முடிகிறது, வட்டி 35,450. நான்கு மாதச் சறுக்கலுக்குக் கிட்டத்தட்ட 6,000 விலை. இருந்தும் ஒரு மாதம்கூடத் தவறாத பனிப்பந்தைவிட வட்டி குறைவுதான். இந்த விடை எனக்கே வியப்பாக இருந்தது. வட்டி வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, ஊக்கம் போய்விடும் என்ற பயத்துக்காக மட்டும் முழுப் பனிப்பந்தைப் பிடிப்பது கட்டுப்படியாகாது. சறுக்கல் தவணையைத் தவறவிடுவதாகவோ, கார்டை மறுபடி தேய்ப்பதாகவோ மாறினால் கதையே வேறு. பாக்கி நிற்கும் கார்டுகள் பெரும்பாலானவற்றில் புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்களும் கிடைக்காது.

அதனால் நான் சொல்வது இரண்டையும் கலந்த ஒரு வரிசை. சின்னக் கடனை மட்டும் முதலில் முடித்துவிட்டு, அப்புறம் நேராகக் கார்டுக்குப் போவது.

| வரிசை | கடன்கள் முடியும் மாதங்கள் | மொத்த வட்டி |
|---|---|---|
| பனிச்சரிவு | 11, 14, 14 | 29,524 |
| கலப்பு | 3, 12, 15 | 33,125 |
| பனிப்பந்து | 3, 9, 15 | 37,933 |

3-வது மாதம் ஒரு கணக்கு மூடப்படுகிறது. அதற்குக் கொடுக்கும் விலை 3,601. அடுத்து தனிநபர் கடனையும் கார்டுக்கு முன்னால் நிறுத்தினால் இன்னும் 4,808 போகும், அதன் பலனோ 9-வது மாதம்தான் தெரியும். முதல் வெற்றி சீக்கிரம் கிடைக்கிறது, விலையும் தாங்கக்கூடியது. இரண்டாவது தாமதமாக வருகிறது, விலையும் கூட. அதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடன்களுக்கு இந்த விலையை மாதம் மாதமாகப் போடாமலே தோராயமாகச் சொல்லிவிடலாம். முன்னால் கொண்டுவரும் சின்னக் கடனின் பாக்கியை, இரண்டு வட்டி விகிதங்களின் வித்தியாசத்தால் பெருக்குங்கள். அதை, பனிச்சரிவில் போனால் பெரிய வட்டிக் கடன் முடிய எத்தனை ஆண்டு ஆகுமோ அதனால் பெருக்குங்கள். இங்கே 20,000 × 24% × 11/12, அதாவது 4,400. உண்மை விடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும், பனிச்சரிவிலும் அந்தச் சின்னக் கடன் மாதம் 1,000 வீதம் குறைந்துகொண்டுதானே இருக்கிறது. வட்டி வித்தியாசம் 24-க்குப் பதில் 3% மட்டும் என்றால் விலை 550-தான். அப்போது யோசிக்கவே வேண்டாம், பனிப்பந்தே போதும். சின்னக் கடனுக்கே வட்டியும் அதிகம் என்றால் இரண்டு முறைகளும் அதிலிருந்துதான் தொடங்கும்.

வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராதவர்களுக்குப் பனிப்பந்தின் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது, அது மனம் சார்ந்ததே அல்ல. நாம் எடுத்துக்கொண்ட தவணைகளின்படி, 9-வது மாதத்துக்குப் பிறகு பனிப்பந்துக்காரர் கட்டாயம் கட்ட வேண்டியது 5,000 மட்டும். பனிச்சரிவுக்காரருக்கு 10-வது மாதத்திலும் 9,000 கட்டாயம். திடீரென்று வருமானம் பாதியானால் தவணை தவறாமல் தாக்குப்பிடிப்பவர் முன்னவர்தான். கையில் அவசரச் சேமிப்பு இல்லாதவர்கள், கலப்பு வரிசையைவிடக் கூடுதலாகப் போகும் 4,808-ஐ இதற்கான விலையாக எண்ணிப் பார்க்கலாம்.

சுத்தமான பனிச்சரிவிலேயே போவேன் என்பவர்கள் நோட்டை எழுதும் விதத்தை மாற்றிக்கொள்வது நல்லது. 2011 ஆய்வில், ஒவ்வொரு கடனிலும் சேர்ந்த வட்டியைத் தொகையாகக் காட்டியபோது மக்கள் மொத்தக் கடனை வேகமாகக் குறைத்தார்கள். 36%, 18%, 12% என்று எழுதினால் கண் அதைக் கடந்துபோய்விடும். முதல் மாத வட்டி கார்டுக்கு 3,000, தனிநபர் கடனுக்கு 900, சின்னக் கடனுக்கு 200 என்று எழுதிப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே கார்டில் எத்தனை பங்கு அடைந்தது என்பதையும் குறியுங்கள். 3-வது மாதம் கால்வாசி, 6-வது மாதம் பாதிக்கு மேல். மூடிய கணக்கு கையில் இல்லாத முதல் பத்து மாதமும் இந்த இரண்டு எண்கள்தான் துணை.

எந்த வரிசையானாலும் தொடங்கும் முன் ஒப்பந்தத்தில் இரண்டைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, வட்டி குறையும் பாக்கியின் மேலா, இல்லை கடைசி வரை முதலில் வாங்கிய முழுத் தொகையின் மேலேயே போடும் ஃப்ளாட் ரேட்டா என்பது. ஒரு வருடத் தவணைக் கடனில் ஃப்ளாட் 12% என்பது குறையும் பாக்கிக் கணக்கில் சுமார் 21.5% ஆகும். அப்படி என்றால் நம் சின்னக் கடன், தனிநபர் கடனைவிட விலை கூடியது, பனிச்சரிவின் வரிசையே மாறிவிடும். இரண்டாவது, முன்கூட்டி அடைத்தால் வட்டி உண்மையிலேயே குறையுமா, அதற்குக் கட்டணம் உண்டா என்பது. ஃப்ளாட் ரேட் கடன்கள் சிலவற்றில் முன்னால் கட்டினாலும் முழு வட்டியையும் வாங்கிவிடுவார்கள். அங்கே கூடுதல் பணத்தைப் போடுவதில் வட்டி லாபம் ஒன்றும் இல்லை.

கார்டில் இன்னொரு சிக்கல். பாக்கி குறையக் குறைய, ஸ்டேட்மென்டில் வரும் குறைந்தபட்சத் தொகையும் குறையும். ஆட்டோ டெபிட்டை அந்தக் குறைந்தபட்சத்தில் விட்டுவைத்தால், மாதம் 15,000 கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டே 13,000 கட்டிக்கொண்டிருப்போம். தொகையை எண்ணாகவே வங்கிக்குக் கொடுக்கும் நிரந்தர உத்தரவில் போட்டுவிடுங்கள். சின்னக் கடன் முடியும் 3-வது மாதமும் இதையே செய்ய வேண்டும். பாக்கி இல்லை என்ற கடிதம் கையில் வந்த அன்றே அந்தக் கடனுக்குப் போன 7,000-ஐக் கார்டின் 5,000-ஓடு சேர்த்து உத்தரவை 12,000 ஆக்கிவிடுங்கள்.