கத்தரிக்காய்ப் புழுவுக்கு எமாமெக்டினா, குளோரான்ட்ரனிலிப்ரோலா? லேபிளை வைத்து ஓர் அலசல்

கத்தரியில் குருத்து வாடித் தொங்குகிறது, காயில் ஓட்டை விழுகிறது என்று கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்: எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்ற குருணை, இல்லையென்றால் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற திரவம். இரண்டுமே புழுவைக் கொல்லும், அதில் சண்டை இல்லை. நான் காய் பறிக்கிற காலத்துக்கு எமாமெக்டினை எடுத்துக்கொண்டேன். காரணம் விலை அல்ல, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் கடைசிக் கட்டத்தில் இருக்கிற ஒரே ஓர் எண்.

அதற்கு முன்னால் அளவு. தாளில் அளவு இரண்டு கட்டங்களில் இருக்கும், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எமாமெக்டினுக்குக் கத்தரி வரிசையில் 10 கிராம் என்றும் 200 கிராம் என்றும் போட்டிருக்கும். முதலாவது உள்ளே இருக்கும் மூல நஞ்சின் எடை, நாம் அளந்து போட வேண்டியது இரண்டாவது. 200 கிராம், 500 லிட்டர் தண்ணீர், ஒரு ஹெக்டேருக்கு. ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 80 கிராம், 200 லிட்டர். 30 சென்ட் கத்தரி என்றால் 24 கிராமும் 60 லிட்டரும். 10 லிட்டர் டேங்க் ஆறு, டேங்குக்கு 4 கிராம். 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் என்றால் அதே 24 கிராமை நான்கு டேங்குக்குப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 கிராம். மூடியால் குத்துமதிப்பாக அளக்காமல் சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். குளோரான்ட்ரனிலிப்ரோலுக்கும் கத்தரியில் ஹெக்டேருக்கு 200 மில்லிதான், தண்ணீர் மட்டும் 500 முதல் 750 லிட்டர் வரை. ஆகவே அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

சரி, அந்தக் கடைசிக் கட்டம். காத்திருப்புக் காலம், அதாவது கடைசியாக மருந்து அடித்ததற்கும் காய் பறிப்பதற்கும் நடுவே விட வேண்டிய நாட்கள். கத்தரிக்கு எமாமெக்டினில் 3 நாள், குளோரான்ட்ரனிலிப்ரோலில் 22 நாள். கத்தரியை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும், விட்டால் காய் முற்றி விதை கட்டி சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். 22 நாள் என்றால் நான்கு பறிப்பாவது போச்சு. எமாமெக்டினில் கணக்கு எளிது: திங்கள் காலையில் பறித்துவிட்டு அன்று சாயங்காலம் அடித்தால், வியாழன் மாலையோடு மூன்று நாள் முடிகிறது, வெள்ளிக் காலையில் கூடையை எடுக்கலாம். சாயங்காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்து வெயிலில் சீக்கிரம் சிதையும், தேனீக்கும் ஆகாது.

அந்த 22 நாள் மருந்தின் எண் அல்ல, அந்த மருந்தைக் கத்தரியில் அடித்தால் வரும் எண். அதே குளோரான்ட்ரனிலிப்ரோலுக்குத் தக்காளியில் 3 நாள், வெண்டையில் 5 நாள் என்று அதே தாளில் இருக்கிறது, அளவும் வேறு. வெண்டையில் எமாமெக்டினுக்கும் 5 நாள்தான். பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிக்காரர் "மூணு நாள்ல பறிச்சிரலாம்ணே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் வரிசையைப் படித்துச் சொல்கிறார். நம் பயிர் வரிசையை நாம்தான் தேட வேண்டும்.

இதில் முக்கோணமும் ஏமாற்றும். டப்பாவில் சாய்த்து வைத்த சதுரத்தின் கீழ்ப் பாதி நிறம்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மண்டையோடு இதில் மட்டும்தான் இருக்கும், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. குளோரான்ட்ரனிலிப்ரோல் பச்சை. பச்சையைப் பார்த்ததும் நாளைக்கே பறிக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த நிறம் சொல்வது, மருந்து அப்படியே வயிற்றுக்குள்ளோ தோலிலோ போனால் எவ்வளவு சீக்கிரம் ஆளைச் சாய்க்கும் என்பதை மட்டும். காயில் எத்தனை நாள் எச்சம் தங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சை முக்கோணமும் 22 நாளும் ஒரே டப்பாவில் இருப்பதே அதற்குச் சாட்சி. கையுறை, முகமூடி எல்லாம் இரண்டுக்கும் வேண்டும். இரண்டுக்குமே தனி முறிமருந்து கிடையாது, யாருக்காவது மயக்கம், வாந்தி வந்தால் அந்தத் தாளையும் டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

குளோரான்ட்ரனிலிப்ரோலை ஒதுக்கச் சொல்லவில்லை. செடியில் அது நின்று வேலை செய்யும், நட்டு ஒரு மாதத்தில் குருத்து வாடத் தொடங்கும்போது அடித்தால் முதல் பறிப்புக்கு முன்பே 22 நாளும் ஓடிவிடும். பறிப்பு தொடங்கிய பிறகு எமாமெக்டின். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை இரண்டாலும் பிடிப்பது கஷ்டம், ஓட்டை விழுந்த காயையும் வாடிய குருத்தையும் கிள்ளிப் புதைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். நான் அடித்துப் பார்த்தது கத்தரியில் மட்டும். தக்காளி, வெண்டை எண்கள் தாளில் படித்தவை, அதனால் அடிக்கும் முன் உங்கள் டப்பாவில் உள்ள தாளோடு ஒத்துப் பாருங்கள். டப்பாவில் மருந்தின் சதவீதம் 5 அல்லது 18.5 இல்லாமல் வேறாக இருந்தால், மேலே போட்ட டேங்க் கணக்கு எதுவும் செல்லாது.