விளையாட்டுக் கணக்குகளுக்குக் கடவுச்சொல் மேலாளரா, தனி மின்னஞ்சலா?

ஸ்டீம், எபிக், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ என்று நான்கைந்து இடங்களில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள் எப்போதும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. ஒன்று, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை உருவாக்கிப் பூட்டி வைக்கும் கடவுச்சொல் மேலாளர். மற்றொன்று, விளையாட்டுக்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் முகவரி. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒன்று தடுக்கும் திருட்டை மற்றது தடுப்பதில்லை. ஏதாவது ஒன்றுக்குத்தான் இப்போது நேரமிருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது என்பதே கேள்வி.

2020 ஏப்ரலில் நின்டெண்டோவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,60,000 கணக்குகளுக்குள் வெளியாட்கள் நுழைந்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஜூனில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சமாக உயர்ந்தது. 3டிஎஸ், வீ யூ என்ற முந்தைய விளையாட்டுக் கருவிகளின் காலத்துப் பழைய பயனர் அடையாளத்தைக் கொண்டு புதிய கணக்குக்குள் நுழைய ஒரு வழி திறந்திருந்தது. வேறெங்கோ கிடைத்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் அந்த வழியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலரது கணக்கோடு இணைந்திருந்த பணத்தில் பொருள்களும் வாங்கப்பட்டன. நின்டெண்டோ பிறகு அந்த வழியையே மூடியது.

இங்கே தனி மின்னஞ்சல் வைத்திருந்தவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. நுழையக் கேட்கப்பட்டது மின்னஞ்சல் அல்ல, பயனர் பெயர். அதே பெயரையும் கடவுச்சொல்லையும் வேறு தளத்தில் பயன்படுத்தியிருந்தால், அவரது முகவரி எத்தனை ரகசியமாக இருந்தாலும் கதவு திறந்திருக்கும். கடவுச்சொல் அந்தக் கணக்குக்கு மட்டுமே உரியதாக இருந்தவரின் பெயர் திருடர்களின் பட்டியலில் இருந்திருந்தாலும் அவர்களுக்குப் பயன்பட்டிருக்காது. இந்தச் சுற்றில் மேலாளருக்கே வெற்றி.

ஆனால் எல்லா இடத்திலும் கணக்கு இப்படி இருப்பதில்லை. எபிக்கிலும் பிளேஸ்டேஷனிலும் மின்னஞ்சலே நுழைவுப் பெயர். விளையாட்டுக்கு வெளியே எங்கும் கொடுக்காத முகவரியை அங்கே கொடுத்திருந்தால், பிற தளங்களிலிருந்து கசிந்த பட்டியலில் அது இருக்காது. திருடன் முயன்று பார்க்கவே வாய்ப்பு குறைவு. ஸ்டீம் இதற்கு நேர்மாறு. அங்கே நுழைவுக்குத் தனிக் கணக்குப் பெயர் உண்டு, அதை மாற்றவும் முடியாது. ஸ்டீமில் மின்னஞ்சல் என்பது கணக்கை மீட்பதற்கான வழி. அஞ்சல்பெட்டிக்குள் நுழைந்துவிட்டவன் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்துக்கொள்ள முயல்வான். வாங்கிய விளையாட்டுகளின் ரசீது மடல்களை, அதாவது கணக்கு உங்களுடையது என்று உதவிப் பிரிவிடம் காட்டக்கூடிய ஆதாரங்களை, அழித்தும் விடுவான்.

தனி முகவரியின் இன்னொரு பயனை யாரும் அதிகம் சொல்வதில்லை. அது போலி மடல்களைக் காட்டிக்கொடுத்துவிடும். "உங்கள் ஸ்டீம் கணக்கு முடக்கப்பட உள்ளது" என்ற மடல் உங்கள் சொந்தப் பெட்டிக்கு வந்தால், படிக்காமலேயே அது பொய் என்று தெரியும்; ஸ்டீமுக்கு அந்த முகவரியே தெரியாது. 2011இல் பிளேஸ்டேஷன் வலைப்பின்னலிலிருந்து சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் வெளியேறியபோது பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாமே அவற்றோடு போயின. அப்படிப்பட்ட கசிவுக்குப் பிறகு வரும் தூண்டில் மடல்களை எந்தக் கடவுச்சொல் மேலாளரும் தடுக்காது.

அடுத்தது போலி நுழைவுப் பக்கம். நண்பரின் கணக்கிலிருந்து செய்தி வருகிறது: "எங்கள் அணிக்கு ஒரு ஓட்டுப் போடு." சொடுக்கினால் போட்டி நடத்தும் தளம் போல ஒன்று திறக்கும், ஸ்டீம் மூலம் நுழையச் சொல்லும், சிறிய சாளரம் ஒன்று எழும். அதன் மேல்பகுதியில் பூட்டுப் படமும் steamcommunity.com என்ற முகவரியும் இருக்கும். அந்தச் சாளரமே படம்தான். இணையப் பக்கத்துக்குள் வரையப்பட்ட போலி முகவரிப் பட்டை அது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சாளரத்தை இழுத்து உலாவியின் எல்லைக்கு வெளியே கொண்டுபோக முயன்றால் அது நகராது; அதுவே நல்ல சோதனை.

கடவுச்சொல் மேலாளர் படத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் உண்மையான முகவரியை மட்டும் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் நிரப்ப மறுக்கிறது. வழக்கமாகத் தானே நிரம்பும் கட்டம் காலியாக இருக்கிறதென்றால் அதுவே எச்சரிக்கை. சிக்கல் என்னவென்றால், எபிக், ஸ்டீம் போன்றவற்றின் கணினிச் செயலிகளில் மேலாளர் பெரும்பாலும் தானாக நிரப்புவதில்லை. மேலாளரின் பெட்டகத்திலிருந்து நகலெடுத்து ஒட்டவேண்டும். அது கைப்பழக்கமாகிவிட்டால் போலிப் பக்கத்திலும் கை அதையே செய்யும், பாதுகாப்பு போய்விடும். செயலியில் ஒட்டலாம், உலாவியில் ஒருபோதும் ஒட்டுவதில்லை என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெட்டி திறக்கச் சோம்பல்படுபவர்கள் ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன் +epic என்று சேர்த்துக்கொள்வதுண்டு. யார் முகவரியைக் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும். பாதுகாப்புக்கு அவ்வளவாக உதவாது. கூட்டல் குறியிலிருந்து வெட்டிவிட்டால் மூல முகவரி எவருக்கும் தெரிந்துவிடும், மடல்களும் அதே பெட்டிக்குத்தான் வருகின்றன.

தனிப் பெட்டியின் பெரிய பலவீனம் மறதி. பயன்பாடு இல்லாத கணக்குகளை 2 ஆண்டுகளுக்குப் பிறகு நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. யாஹூ 2013இல், 12 மாதங்கள் பயன்படாமல் கிடந்த முகவரிகளை வேறு ஆட்கள் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டது; பழைய சொந்தக்காரருக்கு வரவேண்டிய மடல்கள் புதியவரிடம் போயின. மீட்பு மின்னஞ்சலாக இருந்த முகவரி அப்படிக் கைமாறினால் என்னவாகும் என்று விளக்கவேண்டியதில்லை. ஆகவே இந்தப் பெட்டியைக் கைப்பேசியில் சேர்த்து, அவ்வப்போது திறந்து பார்க்கவேண்டும். அதைச் செய்ய மாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், இரண்டடுக்குச் சரிபார்ப்புடன் கூடிய சொந்த மின்னஞ்சலே மேல்.

இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் விழும் குழி வேறு. பிட்வார்டன் என்ற மேலாளரை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத பெட்டகத்தைப் புதிய கருவியில் திறந்தால், அது மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பும். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ பெட்டகத்துக்குள்தான் இருக்கிறது. கைப்பேசி தொலைந்த அன்று இரண்டு பூட்டுகளின் சாவியும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். பெட்டகத்துக்கு விளையாட்டு முகவரியைக் கொடுக்காமல் முதன்மை மின்னஞ்சலைக் கொடுங்கள். அதன் கடவுச்சொல்லையும் பெட்டகத்தின் தலைமைக் கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீட்டையும் தாளில் எழுதி வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். இணையத்தில் எதையும் வைக்க மனமில்லாதவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி என்ற மேலாளர் இருக்கிறது. அதில் எல்லாம் ஒரே கோப்பு, காப்புப்படி எடுப்பது உங்கள் பொறுப்பு.

என் வரிசை இது: முதலில் மேலாளர், அடுத்து Steam Guard போன்ற கைப்பேசிச் சரிபார்ப்பு, பிறகுதான் தனி மின்னஞ்சல். எபிக்கும் பிளேஸ்டேஷனும் மட்டுமே ஆடுபவர் தனி மின்னஞ்சலை இரண்டாவதாகக்கூட வைத்துக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டர் கணினியில் விளையாடுபவர் அங்கே பெட்டகத்தைத் திறக்கவே கூடாது. ஸ்டீம் கைப்பேசிச் செயலியால் கியூஆர் குறியீட்டை வருடி நுழைந்து, எழுந்திருக்கும்போது வெளியேறிவிடவேண்டும்.